நடனச் சோதனைக்கு ஒரு நாள் லீவு

காலை 7.30க்கு மணி அடிக்கும். இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வந்து இருந்ததும் வகுப்பாசிரியர் இடாப்பைத் திறப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் நாலாய் மடித்த கொப்பித் தாள் ஒன்று மேசைக்கு வரும். "ரீச்சர், வியாழக்கிழமை எனக்கு டான்ஸ் சோதினை. லீவு வேணும்." தாளை விரித்தால் நாலு வரி: சோதனை இருக்கிறது, ஆகவே விடுமுறை தந்து உதவவும், நன்றி, இப்படிக்கு. என்ன சோதனை, யார் நடத்துகிறார்கள், எத்தனை மணிக்கு, ஒரு நாளா அரை நாளா, அன்று வகுப்பில் என்ன தவறப்போகிறது என்று ஒன்றும் இருக்காது.

யாழ்ப்பாணத்தில் பல வருடம் வகுப்பாசிரியராக இருந்த எனக்கு அந்தத் தாள் பழக்கப்பட்ட ஒன்று. இதைப் பிள்ளையின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. தமிழ்ப் பாடத்தில் விடுமுறைக் கடிதம் எழுதப் பழக்கும்போது, முகவரி எங்கே, திகதி எங்கே, விளிப்பு எங்கே என்று இடம் பிடிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறோம். அதை வாங்கும் ஆசிரியர் அதை வைத்து என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. வகுப்பாசிரியருக்கு அந்தக் கடிதத்தைக் கொண்டு மூன்று வேலை ஆக வேண்டும். இது எந்த வகை வராமை என்று இடாப்புக்காக முடிவெடுக்க வேண்டும். பிள்ளை எவ்வளவு நேரம் வெளியில் இருக்கும் என்று தெரிய வேண்டும். அன்றைக்குப் போகும் பாடத்துக்கும் கணிப்பீட்டுக்கும் மற்ற ஆசிரியர்களிடம் என்ன சொல்வது என்று தெரிய வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் உள்ள கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது.

முதலில் எந்தச் சோதனை என்பதைப் பார்ப்போம். வடக்கில் ஒரு பிள்ளை "சங்கீத சோதினை", "டான்ஸ் சோதினை" என்று சொன்னால் அது பெரும்பாலும் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சையாக இருக்கும். 1931இல் தொடங்கிய சபை அது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் போன்ற துறைகளில் முதலாந் தரத்திலிருந்து ஆறாந் தரம் வரை பரீட்சை வைக்கிறது. ஆறாவது ஆசிரியர் தரம். அதில் சித்தியடைந்தவர்தான் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ 'கலாவித்தகர்' என்று போட்டுக்கொள்வார். பரீட்சையில் அறிமுறை, செய்முறை என்று இரண்டு பகுதி உண்டு. அறிமுறை தாளில் எழுதுவது. செய்முறை பரீட்சகருக்கு முன்னால் பாடியோ வாசித்தோ ஆடியோ காட்டுவது. வகுப்பாசிரியரின் மேசைக்குக் கடிதம் வருவது பெரும்பாலும் செய்முறைக்காகத்தான்.

இதே பிள்ளை வேறு இரண்டு காரணத்துக்காகவும் இசை, நடனம் என்று சொல்லி வகுப்பை விட்டுப் போகும். அவற்றை இதனோடு குழப்பினால் இடாப்பு பிழையாகிவிடும். ஒன்று தமிழ்மொழித் தினப் போட்டி. பாடசாலை மட்டத்தில் தெரிவாகி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை மட்டம் வரை போகும் போட்டி அது. அங்கே பிள்ளையை அனுப்புவது பாடசாலை. பொறுப்பாசிரியர் கூடப் போவார், பெயர்ப் பட்டியல் அதிபரின் கையொப்பத்தோடு இருக்கும். பிள்ளை பாடசாலையின் வேலையாகப் போகிறது, அதற்கு லீவு கேட்கத் தேவையில்லை. மற்றது சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதம் அல்லது நடனம் எடுத்த பிள்ளைக்குப் பரீட்சைத் திணைக்களம் வைக்கும் செய்முறைப் பரீட்சை. அதற்கு விண்ணப்பித்ததே பாடசாலை ஊடாகத்தான் என்பதால் பாடசாலைக்கு முதலே தெரியும்.

சபையின் பரீட்சை இப்படி இல்லை. பிள்ளை தனியார் வகுப்பில் பழகுகிறது, விண்ணப்பத்தை நடன ஆசிரியை அனுப்புகிறார், கட்டணத்தைப் பெற்றோர் கட்டுகிறார்கள். பாடசாலை அதில் எந்த இடத்திலும் இல்லை. ஆகவே பிள்ளை சொல்லாவிட்டால் பாடசாலைக்குத் தெரிய வழியே கிடையாது. மேலே சொன்ன இரண்டும் பாடசாலையின் கணக்கில் போகும்போது, இது மட்டும் பெற்றோரின் பொறுப்பில் எடுக்கும் விடுமுறை. அதனால்தான் கடிதத்தின் முதல் வரியிலேயே பரீட்சையை நடத்துவது யார் என்று எழுதச் சொல்கிறேன். "வலய மட்டத்தில் நடன நிகழ்வு" என்று மொட்டையாக எழுதிவந்த கடிதத்தைத் தமிழ்மொழித் தினம் என்று எண்ணி, பொறுப்பாசிரியரைத் தேடி மூன்று கட்டடம் ஏறி இறங்கியிருக்கிறேன்.

அடுத்தது நேரம். இதில்தான் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அதிகம் மனவருத்தம் வருகிறது. "ஆடுறது கால் மணித்தியாலம், அதுக்கு முழு நாள் லீவோ?" என்று ஓய்வறையில் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிலும் நேரானது. ஒரு நிலையத்தில் ஒரு பரீட்சகர் காலை 8.30க்குத் தொடங்குகிறார் என்று வைப்போம். நம் பிள்ளைக்கு முன்னால் 20 பேர். ஆளுக்கு 12 நிமிடம் என்றால் 240 நிமிடம், அதாவது நாலு மணித்தியாலம். நடுவில் தேநீருக்கு ஒரு இடைவேளை. பிள்ளை உள்ளே போக ஒரு மணியாகிவிடும். ஆனால் 8 மணிக்கே அங்கே நிற்க வேண்டும். ஏனென்றால் முன்னால் உள்ள ஐந்து பேர் வராவிட்டால் முறை ஒரு மணித்தியாலம் முந்திவிடும். கீழ்த் தரத்துப் பிள்ளை அடவும் அலாரிப்பும் ஆடி முடிக்கும் நேரமும் மேல் தரத்துப் பிள்ளை வர்ணம் ஆடும் நேரமும் ஒன்றாகாது. ஆகவே எந்த நிமிடத்தில் கூப்பிடுவார்கள் என்று நடன ஆசிரியைக்கும் தெரியாது.

துறைக்குத் துறை வித்தியாசமும் உண்டு. வாய்ப்பாட்டுக்காரப் பிள்ளை சுருதிப்பெட்டியோடு வந்து, கூப்பிட்டதும் உள்ளே போய் இருந்துவிடலாம். மிருதங்கக்காரருக்கு அப்படி முடியாது. இடப் பக்கத் தொப்பிக்கு ரவையைக் குழைத்து அப்ப வேண்டும், அது காய்ந்தால் நாதம் போய்விடும், ஆகவே முறை நெருங்கும்போதுதான் அப்ப முடியும். வலந்தலையைச் சுருதிக்குத் தட்டிச் சேர்க்க வேண்டும். நடனப் பிள்ளைக்கு இன்னும் பாடு. விடிய எழும்பித் தலை பின்னி, நடனச் சேலை கட்டி, சலங்கையோடு காத்திருக்கும். நட்டுவாங்கம் செய்பவரும் பாடுபவரும் மிருதங்கம் வாசிப்பவரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருவராகவே இருப்பதால் அவர்கள் களைத்தால் வரிசை நிற்கும். ஆடி முடித்து, சேலை மாற்றி, வியர்வையோடு பிள்ளை வெளியே வர ஒன்றரை மணி. பாடசாலை விடும் நேரமும் 1.30தான்.

ஆகவே நடனச் செய்முறைக்கு அரை நாள் கேட்பது பெரும்பாலும் வேலைக்கு உதவாது. "இடைவேளை வரைக்கும் வந்துவிட்டுப் போகிறேன்" என்று பிள்ளை சொல்வது பாடசாலைமேல் உள்ள மரியாதையால்தான். ஆனால் நான் படிப்பித்த பாடசாலைகளில் நடுவில் வெளியே போவது முழு நாள் லீவைவிடச் சிக்கலானது. அதிபரிடம் அனுமதி வாங்க வேண்டும், பெற்றோரோ பாதுகாவலரோ வாசலுக்கு வந்து கையொப்பமிட்டுக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு அம்மா வேலைத்தலத்தில் தனியாக லீவு போட வேண்டும். பிள்ளைக்கும் முதல் நாலு பாடம் காதில் ஏறாது. வாய்ப்பாட்டு, வீணை என்றால், நேரமும் பின்னேரம் என்று உறுதியாக எழுத்தில் வந்திருந்தால் மட்டும் அரை நாளை யோசிக்கலாம்.

சரி, இதையெல்லாம் தாளில் எப்படிக் கொண்டுவருவது? தரம் 9 மாணவி ஒருத்தி, மூன்றாந் தரப் பரதநாட்டியச் செய்முறைக்குப் போகிறாள் என்று வைத்து எழுதிப் பார்ப்போம். இடத்தின் பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

> ஒக்ரோபர் 9
>
> வகுப்பாசிரியர்,
> தரம் 9 ஆ.
>
> மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,
>
> பரதநாட்டியச் செய்முறைப் பரீட்சைக்காக ஒரு நாள் விடுமுறை கோரல்
>
> நான் வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் பரதநாட்டியப் பரீட்சையில் மூன்றாந் தரத்துக்குத் தோற்றுகிறேன். இதற்குத் தனியார் நடன வகுப்பு ஊடாக விண்ணப்பித்துள்ளேன். செய்முறைப் பரீட்சை ஒக்ரோபர் 16, வியாழக்கிழமை நடைபெறும். காலை 8.00 மணிக்குப் பரீட்சை நிலையத்தில் இருக்க வேண்டும். என் முறை எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், அன்று முழு நாளும் விடுமுறை தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை வழமைபோல் வருவேன்.
>
> வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையில் விஞ்ஞானக் கணிப்பீடு இருக்கிறது. விஞ்ஞான ஆசிரியரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் தரும் வேறு நாளில் அதைச் செய்வேன். மற்றப் பாடங்களின் குறிப்புகளை வெள்ளிக்கிழமை பார்த்து எழுதி, திங்கட்கிழமை காட்டுவேன்.
>
> பரீட்சை அனுமதி அட்டையின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் மாணவி,
> (பெயர், சுட்டெண்)
>
> பெற்றோரின் கையொப்பமும் தொலைபேசி இலக்கமும்

இதில் மூன்று இடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "என் முறை எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாததால்" என்ற ஒரு துண்டுதான் முழு நாளுக்கான காரணம். அது இல்லாவிட்டால் ஆசிரியர் மனதில் அந்தக் கால் மணித்தியாலக் கேள்வி எழும். பிள்ளைகள் இதை எழுதத் தயங்குவார்கள், நேரம் தெரியாது என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு மாதிரி இருக்கும் என்று. உள்ளது அதுதான், உள்ளதை எழுதலாம்.

இரண்டாவது, விஞ்ஞானக் கணிப்பீடு. கடிதத்தில் இந்த வரி வந்தால் வகுப்பாசிரியரின் பாதி வேலை முடிந்துவிடும். கணிப்பீட்டுப் புள்ளி பாட ஆசிரியரின் கையில் இருக்கிறது. வகுப்பாசிரியர் லீவு கொடுத்தாலும் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கை எழுதும்போதுதான் "இந்தப் பிள்ளைக்கு ஏன் புள்ளி இல்லை?" என்று தேடுவார்கள். அப்போது ஒக்ரோபர் 16 யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆகவே பாட ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, சொன்னேன் என்று கடிதத்தில் எழுதுவது பிள்ளைக்குத்தான் காப்பு. சொல்லாமலே "சொன்னேன்" என்று எழுதக்கூடாது. ஆசிரியர்கள் ஒரே ஓய்வறையில்தான் தேநீர் குடிக்கிறோம்.

மூன்றாவது, பெற்றோரின் கையொப்பம். பெற்றோர் பொறுப்பில் எடுக்கும் லீவு என்று முன்னமே சொன்னேன். கையொப்பம் இல்லாத கடிதம் ஒரு தகவல் மட்டுமே. அந்தப் பிள்ளை அன்று வீட்டிலும் இல்லை, பாடசாலையிலும் இல்லை என்றால், எங்கே என்று தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அந்தக் கையொப்பமும் இலக்கமும்தான் அத்தாட்சி.

இனி நடைமுறையில் இடிக்கும் ஒரு விசயம். அனுமதி அட்டை சில வேளை கடைசி நேரத்தில்தான் பிள்ளையின் கைக்கு வரும். அட்டை வந்த பிறகு கடிதம் எழுதலாம் என்று காத்திருந்தால், புதன்கிழமை பின்னேரம் அட்டை, வியாழக்கிழமை பரீட்சை என்று ஆகிவிடும். கடிதம் வெள்ளிக்கிழமை வரும். அப்போது அது விடுமுறை கேட்கும் கடிதமாக இராது, வராததற்கு விளக்கமாகத்தான் இருக்கும். நான் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி இதுதான்: நடன ஆசிரியை திகதியைச் சொன்ன அன்றே கடிதத்தைக் கொடு. அட்டை வராவிட்டால் "அனுமதி அட்டை கிடைத்ததும் பிரதியைத் தருவேன்" என்று எழுது. அட்டை வந்ததும் பிரதியைக் கொண்டுவந்து அந்தக் கடிதத்தோடு ஊசி குத்திவிடு. இதனால் ஆசிரியருக்கு ஒரு வாரம் கிடைக்கிறது. அந்த ஒரு வாரத்தில் கணிப்பீட்டை ஒரு நாள் தள்ளிவைத்த விஞ்ஞான ஆசிரியர்களும் உண்டு, ஒரே வகுப்பில் நாலு பேர் ஒரே நாளில் பரீட்சைக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததால்.

மனதை நோகவைத்த ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். ஒரு வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நாள் வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் வந்தது, அம்மாவின் கையொப்பமும் இருந்தது. அப்படியே குறித்தேன். சில மாதம் கழித்து அவள் நான்காந் தரத்தில் சித்தியடைந்த சான்றிதழைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கத் தந்தபோது, பரீட்சை நடந்த திகதியும் காய்ச்சல் வந்த திகதியும் ஒன்று என்று தெரிந்தது. மேடையில் நின்ற பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டபோது, "நடனம் எண்டு சொன்னா லீவு தரமாட்டீங்கள் எண்டு அம்மா சொன்னவ, ரீச்சர்" என்றாள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அந்தத் தவணையில் யாரோ ஒரு பிள்ளையிடம் "படிப்பு முக்கியமோ ஆட்டம் முக்கியமோ" என்று நானே கேட்டிருந்தேன். அதன் பிறகு வருடத் தொடக்கத்தில் வகுப்பில் சொல்லத் தொடங்கினேன்: இசை, நடனப் பரீட்சை இருந்தால் அதையே எழுதுங்கள், ஒரு நாள் தருவேன்.

ஒரு நாள் என்று சொன்னதிலும் காரணம் இருக்கிறது. பரீட்சை நாள் வேறு, பழகும் நாள் வேறு. "செய்முறைப் பரீட்சை இருப்பதால் திங்கள் முதல் வியாழன் வரை" என்று வரும் கடிதத்தில் மூன்று நாள் ஒத்திகைக்குப் போகிறது. ஒத்திகையைப் பின்னேரம் வைக்கலாம் என்பதால் அந்த மூன்று நாளுக்கு நான் இணங்கியதில்லை. கடிதத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், கொடுக்க வேண்டிய ஒரு நாளும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போகிறது. வேறு மாவட்டத்தில் நிலையம் அமைந்து முதல் நாளே பயணம் போக வேண்டியிருந்தால் அது வேறு கதை. அதைப் பயணம் என்று எழுதினால் விளங்கும்.

வரவு வீதத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். வருடத்துக்கு 200 பாடசாலை நாள் என்று கணக்குப் பார்த்தால் 40 நாள் வரை இடம் இருக்கிறது. செய்முறைக்கு ஒரு நாள் போவதால் அதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் உயர்தரம் படிக்கும் நடனப் பிள்ளைக்கு வருடத்தில் போவது அந்த ஒரு நாள் மட்டும் இல்லையே. அரங்கேற்றம், கோயில் திருவிழாவில் ஆடுவது, அதற்கு முன் ஒத்திகை, பிறகு மழைக் காலத்துக் காய்ச்சல். ஐந்தும் பத்துமாகச் சேர்ந்து 30ஐத் தொடும்போது பிள்ளைக்கே கணக்குத் தெரியாது. வீட்டில் ஒரு கலண்டரில் வராத நாளை வட்டமிட்டு வைத்திருந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அவர் மகளுக்கு நான் ஒரு தடவையும் எச்சரிக்கை எழுத வேண்டி வரவில்லை.

கடைசியாகத் திகதி மாறுவது. பரீட்சகர் வர முடியாமல் போகலாம், மழை வெள்ளம் வரலாம், நிலையம் மாறலாம். 16ஆம் திகதி பரீட்சை 23க்குப் போய்விட்டது என்று 15ஆம் திகதி இரவு தெரிந்தால், 16 காலையில் பிள்ளை பாடசாலைக்கு வர வேண்டும். லீவு கிடைத்துவிட்டதே என்று வீட்டில் இருந்தால், அனுமதி அட்டையிலும் இடாப்பிலும் இரண்டு வெவ்வேறு திகதி நிற்கும். வந்து, பழைய கடிதத்தின் கீழேயே "பரீட்சை ஒக்ரோபர் 23க்கு மாற்றப்பட்டுள்ளது, 16ஆம் திகதி பாடசாலைக்கு வந்தேன், விடுமுறையை 23க்கு மாற்றித் தரவும்" என்று இரண்டு வரி எழுதி, அம்மாவிடம் மறுபடி ஒரு கையொப்பம் வாங்கினால் போதும். புதுக் கடிதம் தேவையில்லை. விஞ்ஞான ஆசிரியரிடம் மட்டும் இன்னொரு தடவை போக வேண்டும்: கணிப்பீட்டை அன்றைக்கே எல்லோரோடும் சேர்ந்து எழுதலாம்.